அதிகம் வர்ற கட்டம்

தபால்ல வந்த காகிதத்தை நின்னுக்கிட்டே படிச்சேன். உட்கார்ந்து படிச்சிருக்கணும்.

நான் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவ. ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு சின்ன அறை, ரெண்டு மேசை, ஒரு பீரோ, சுவர்ல என் பதிவு எண் போட்ட சான்றிதழ். இருபத்திரண்டு வருஷமா இதே அறை. நூத்திநாப்பது பேருக்கு எழுதறேன். துறையிலிருந்து நோட்டீஸ் வந்தா ஜனங்க அலறி அடிச்சுக்கிட்டு என்கிட்டத்தான் ஓடி வருவாங்க. நான் முதல்ல ரெண்டு திட்டு திட்டி, அப்புறம் உட்கார வச்சு பதில் எழுதிக் கொடுப்பேன். அதனால எங்க தெருவுல எனக்குப் பயமே கிடையாதுன்னு ஒரு பேச்சு இருக்கு.

இந்த நோட்டீஸ் என் வீட்டுக்காரர் பேருக்கு வந்திருந்துச்சு. ஒரே பக்கம்தான். போன வருஷக் கணக்குல, தேசிய பென்ஷன் கணக்குக்குத் தானாக முன்வந்து செலுத்திய தொகை நாப்பத்தெட்டாயிரம்னு காட்டி வருமானத்துல கழிச்சிருக்கீங்க, அதுக்கு பென்ஷன் அலுவலகம் கொடுத்த செலுத்துகைப் பதிவைப் பதினைஞ்சு நாளுக்குள்ள அனுப்புங்க, இல்லேன்னா கழிவு ரத்து, வரி, வட்டி, அபராதம். கீழே கடைசி வரியில, கணக்குத் தயாரித்தவரின் பதிவு எண் அப்படின்னு போட்டு என்னோட எண். அதை ரெண்டு தடவை படிச்சேன். ஆனா அவர் பணம் கட்டினது எனக்குத் தெரியும். மாசம் அஞ்சாம் தேதி பாஸ்புக்குல நாலாயிரம் போகும், பக்கத்துல பென்ஷன்னு போட்டிருக்கும். பன்னிரண்டு மாசம், நாப்பத்தெட்டாயிரம். வருஷா வருஷம் அதைக் கூட்டித்தான் நான் எழுதுவேன்.

இங்கதான் ஒரு விஷயம் சொல்லணும், எனக்கே வெட்கமா இருக்கு. என்கிட்ட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கத்துற கத்து இது: வங்கியில இருந்து பணம் போனது சாட்சி ஆகாது, பென்ஷன் கணக்குல வந்து சேர்ந்ததுதான் சாட்சி, அந்தப் பதிவைக் கொண்டு வந்தாத்தான் நான் பேனாவைத் தொடுவேன். ரிட்டையர்டு தலைமை ஆசிரியரையே ரெண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கேன். ஆனா சொந்தப் புருஷனுக்கு மட்டும் பாஸ்புக்கைப் பார்த்தே எழுதினேன். அவர் கட்டியாச்சும்பார், நான் சரிம்பேன். வீட்டு ஆள்கிட்ட ரசீது கேட்கிறது ஒரு மாதிரி இருக்கும்ல.

பென்ஷன் தளத்துல நுழைய அவரோட கடவுச்சொல் என்கிட்ட இருந்துச்சு. ஆனா ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரத்துல ஏதோ ஒரு கட்டடத்து உச்சியில, மோட்டார் அறையில இருப்பார். போன் பண்ணி, பென்ஷன் கணக்கைத் திறக்கிறேன், ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போச்சோன்னு நினைச்சேன். எதுக்குன்னு கேட்டார். நோட்டீஸ் வந்திருக்குன்னேன். அப்புறம் ஆறு எண்ணையும் ஒவ்வொண்ணா, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"நான் கிளம்பி வர்றேன்," என்றார்.

நான் அவரை வரச் சொல்லவே இல்லை. வேலை நேரத்துல கட்டடத்தை விட்டு வர்ற ஆளும் இல்லை அவர். பொண்ணு பிறந்தப்பக்கூட லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு சாயங்காலம்தான் வந்தார்.

பதிவு திறந்துச்சு. பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி கணக்குத் தொடங்கின மாசத்துல இருந்து வரிசையா நாலாயிரம், நாலாயிரம். ஒரு மாசம்கூடத் தவறலை. எண்பத்திநாலு வரி வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. பக்கம் சரியா இறங்கலைன்னு மூடித் திறந்தேன். தேதியை மாத்திப் போட்டுக் கேட்டேன். கடைசி ஆறு வருஷத்துல அவர் கணக்குல பத்துக் காசு வந்து சேரலை. பழைய பணம் மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்து ஏழு லட்சத்து இருபத்திமூவாயிரத்துச் சொச்சம்னு நின்னுச்சு.

கீழே ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்டுக்கு அனுப்பினேன். அந்தத் தம்பி தாள்களை எடுத்துக்கிட்டு மேல வந்து, அக்கா, கடைசிப் பக்கமெல்லாம் வெத்தா வருது, மெஷின்ல இங்க் எல்லாம் இருக்கே, எதுக்கும் இன்னொரு தடவை போடட்டுமான்னு பாவமா கேட்டான். வேண்டாம்பா, அது அப்படித்தான்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு.

பையில இருந்து பாஸ்புக்கை எடுத்தேன். பணம் போனது நிஜம். ஒவ்வொரு மாசமும் அஞ்சாம் தேதி நாலாயிரம், பென்ஷன். அதுக்குப் பக்கத்துல கணக்கு எண்ணோட கடைசி நாலு இலக்கம் சின்ன எழுத்துல இருக்கும். இத்தனை வருஷமா என் கண்ணு அதுல பட்டதே இல்லை. பழைய பாஸ்புக்குல நாலு நாலு ஒண்ணு சைபர். அது அவர் கணக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடியிலிருந்து ஏழு ஒண்ணு எட்டு மூணு.

அது யார் கணக்கு?

தப்பான எண்ணைப் போட்டு ஆறு வருஷமா யாரோ முன்பின் தெரியாதவனுக்குக் கட்டியிருக்காரோன்னு முதல்ல நினைச்சேன். அப்படி நடக்காது, பேரும் பிறந்த தேதியும் ஒத்துப் பார்த்துத்தான் வாங்குவாங்க. அப்போ தெரிஞ்சேதான் கட்டியிருக்கார். எந்த மகராசிக்கு? ஐம்பத்தேழு வயசுல, கிரீஸ் கறை போகாத அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு? நினைச்சுப் பார்த்தா சிரிப்புகூட வந்திருக்கணும், வரலை. போன்ல அவர் பேசாம இருந்த அந்த நேரம்தான் காதுக்குள்ளேயே இருந்துச்சு. பேங்கு மெசேஜ் வந்தா போனைக் கவுத்து வைக்கிறாரே, எத்தனை நாளா அப்படி வைக்கிறார்னு யோசிக்க ஆரம்பிச்சேன். அந்த மாதிரி யோசனையை ஆரம்பிச்சா நிறுத்த முடியாது.

எனக்குப் பயம் வந்தா கை தானா கணக்குப் போடும். அது என் புத்தி. ஒரு தாளை இழுத்து, முதல்ல வரியைப் போட்டேன். ஆறு வருஷமா நான் கழிச்ச கழிவால எவ்வளவு வரி மிச்சம் பிடிச்சோம்? வருஷத்துக்கு ஐம்பதாயிரம் வரைக்கும் கழிக்கலாம், அவர் கட்டினதா எழுதினது நாப்பத்தெட்டு, வரம்புக்குள்ளதான். ஆனா கட்டின தொகை முழுக்க மிச்சம் ஆகிடாது, அவர் வருமானத்தோட உச்சியில எந்த விகிதத்துல வரி விழுதோ அந்த அளவுதான் மிச்சம். முதல் வருஷம் அவர் சம்பளம் குறைச்சல். இருபது சதவீத வரி விழுற பகுதியில முப்பதாயிரம்தான் இருந்துச்சு, அதுக்கு ஆறாயிரம். மீதிப் பதினெட்டாயிரம் அஞ்சு சதவீதத்துல விழுந்துச்சு, அதுக்குத் தொள்ளாயிரம். அடுத்த அஞ்சு வருஷமும் முழுக்க இருபதுல, வருஷத்துக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. மொத்தம் ஐம்பத்திநாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதுல ஒரு காசுக்கும் இப்போ ஆதாரம் இல்லை. தாமதமான மாசத்துக்கு ஒரு சதவீதம் வட்டி சேர்த்தா எழுபத்திரண்டாயிரத்து எழுநூத்தைம்பதைத் தாண்டுது. நோட்டீஸ் ஒரு வருஷத்துக்குத்தான் வந்திருக்கு. ஆனா ஒண்ணைப் பிடிச்சவன் மத்ததை விடுவானா? அதுக்கு மேல அபராதம் வேற. பொய்க் கணக்கு எழுதினவள்னு என் பதிவை எடுத்துட்டா இந்த அறையையே காலி பண்ணணும்.

அது போகட்டும். வரியைக் கடன் வாங்கிக்கூடக் கட்டிடலாம். என்னை உலுக்கினது அடுத்த கணக்கு.

இன்னும் மூணு வருஷத்துல அவருக்கு அறுபது. லிஃப்ட் கம்பெனி அன்னிக்குக் கை குலுக்கி அனுப்பிடும், அவங்க பென்ஷன் கிடையாது. வீட்டு வாடகையே ஆறாயிரம். என் வருமானம் வரி கட்டுற அளவுக்குக்கூட வராது, பொண்ணு இன்னும் படிக்கிறா. நாங்க நம்பிக்கிட்டிருந்தது இந்த ஒரு கணக்கைத்தான். பதிமூணு வருஷமும் ஒழுங்கா அவர் கணக்குல சேர்ந்து, மேல மூணு வருஷமும் கட்டி, வருஷத்துக்கு எட்டு சதவீதம் வளர்ந்தா பதினைஞ்சரை லட்சம் வரும், அத்தனையையும் பென்ஷனா மாத்தினா குறைஞ்சபட்சமா இன்னைய விகிதம் ஆறரை சதவீதத்துல மாசம் எட்டாயிரத்து நானூறு கிட்ட வரும்னு நானே அவருக்குப் போட்டுக் காட்டியிருக்கேன். விகிதம் அன்னிக்கு ஏறும் இறங்கும், இது உத்தேசம்தான், ஆனாலும் வாடகை போக அரிசி பருப்புக்கு ஆகும்னு ஒரு தைரியம். இப்போ கண்ணு முன்னாடி இருக்கிற ஏழு இருபத்திமூணை மட்டும் வச்சு மூணு வருஷம் வளர்த்தேன். ஒன்பது லட்சத்துப் பத்தொன்பதாயிரம். மாசத்துக்குப் போட்டா அஞ்சாயிரத்துக்கு இருபது குறைச்சல்.

வாடகைக்கே பத்தாது. தாளை அப்படியே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வயசான காலத்துல யார் வீட்டு வாசல்ல போய் நிக்கப்போறோமோன்னு நினைச்சேன்.

ஒரு மணி நேரத்துல வந்துட்டார். கம்பெனிச் சட்டையோட, கையைக்கூடக் கழுவலை. வாசல்லயே நின்னார். நான் பாஸ்புக்கை அவர் பக்கம் தள்ளி, விரலை அந்த நாலு எண் மேல வச்சேன்.

அவர் எதிர்ல வாடிக்கையாளர் நாற்காலியில உட்கார்ந்தார். போனை எடுத்து மெசேஜைத் திறந்து என் கையில கொடுத்தார். மாசா மாசம் அஞ்சாம் தேதி ஒரே மாதிரி மெசேஜ்: உங்கள் கணக்கில் நாலாயிரம் சேர்ந்தது. மேல தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு. எல்லாத்துலயும் கணக்குதாரர் பேர்னு ஒண்ணு இருந்துச்சு. என் பேர்.

எனக்கு விளங்கறதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. என்னோட கணக்குன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, ஒரு நாள் பேங்குல இருந்து ஏதோ ஃபார்ம், முகவரி புதுப்பிக்கணுமாம்னு கொண்டு வந்து நீட்டினார், அடுப்புல வேலையா இருந்த நான் ஈரக் கையைத் துடைச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஊரார் ஃபார்மையெல்லாம் அடிக்குறிப்பு வரைக்கும் படிக்கிறவ, என் பேர் போட்ட ஃபார்மைப் படிக்கலை. போன் எண் அவரோடதைக் கொடுத்திருக்கார், மெசேஜ் அங்கேயே போயிருச்சு.

பயம் கொஞ்சம் இறங்கின இடத்துல கோபம் ஏறுச்சு. ஏங்க, புத்தி இருக்கான்னு ஆரம்பிச்சு ஒரு மூச்சு திட்டினேன். நீங்க என் கணக்குல போட்டா உங்க வரியில கழிக்க முடியாது, அவங்கவங்க கணக்குக்கு அவங்கவங்க கட்டினாத்தான் கழிவு. எனக்கோ கழிக்க வரியே கிடையாது. ஐம்பத்திநாலாயிரத்துத் தொள்ளாயிரத்தை நாம துறைக்கிட்ட இருந்து சும்மா எடுத்துக்கிட்டிருக்கோம், என் கையெழுத்துல. அது போதாதுன்னு, எனக்கு இப்போ நாப்பத்தொன்பது. இந்தப் பணம் பென்ஷனா வர நான் அறுபது ஆகணும். இருக்கிற மூணு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பதினோரு வருஷம் வளர்ந்தாலும் மாசம் நாலாயிரத்து எழுநூத்துச் சொச்சம்தான் வரும், அதுவும் நீங்க ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் கழிச்சு. அந்த எட்டு வருஷமும் எதைத் தின்கிறது? கணக்கு எழுதறவளைக் கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா?

அவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தார். எப்பவும் நான் திட்டினா இடையில ஒரு கிண்டல் பண்ணி என் வாயை அடைச்சுடுவார். இன்னிக்கு மேசையையே பார்த்துக்கிட்டிருந்தார். அது எனக்கு மறுபடியும் பயத்தைக் கிளப்புச்சு. நான் போன்ல மெசேஜை மேல மேல தள்ளி முதல் மெசேஜுக்குப் போனேன். அது வந்த மாசத்தைப் பார்த்தேன்.

அவரோட அண்ணன் செத்து அப்போ நாப்பது நாள் ஆகியிருந்துச்சு.

அவர் அண்ணன் அச்சகத்துல முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எனக்கு மாமா முறை. இதே மாதிரி பென்ஷன் கணக்கு வச்சிருந்தார், அறுபதுல ஓய்வு பெற்று, நேரா இந்த அறைக்குத்தான் வந்தார், இதே நாற்காலிக்கு. எல்லாருக்கும் போடற மாதிரி அவருக்கும் பென்ஷன் வாங்கற மூணு வழியையும் மூணு கட்டமாப் போட்டுக் கொடுத்தேன். முதல் கட்டம், அவர் ஆயுசு வரைக்கும் மட்டும், தொகை அதிகம். ரெண்டாவது, அவருக்கு அப்புறம் மனைவிக்கும் வரும், தொகை கொஞ்சம் குறைவு. மூணாவது, ரெண்டு பேருக்கும் அப்புறம் போட்ட அசலும் பிள்ளைங்களுக்குத் திரும்பும், இன்னும் குறைவு. மாமா அதிகம் வர்ற கட்டத்துல விரலை வச்சு, இதுல என்ன குறைன்னு கேட்டார். குறை ஒண்ணும் இல்லை மாமா, ஆயுசு முழுக்க வரும்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டார். நாலு மாசம் பணம் வந்துச்சு. அஞ்சாவது மாசம் காலையில பல் விளக்கப் போனவர் அப்படியே சாஞ்சுட்டார். அதோட பணம் நின்னு போச்சு. போட்ட ஒன்பது லட்சமும் பென்ஷன் கொடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனியோட போச்சு. அவர் சம்சாரம், நான் அக்கான்னு கூப்பிடறவங்க, அறுபது வயசுல துணிக்கடையில விலைச் சீட்டு ஒட்டப் போறாங்க.

நான் அதை விதின்னுதான் இத்தனை நாளா நினைச்சேன். மாமா ஆசைப்பட்டது, அவர் தேர்ந்தெடுத்தது, தாள்ல எல்லாம் போட்டிருந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே பேசினார். ராத்திரியில நெஞ்சு படபடன்னு அடிச்சா எழுந்து உட்கார்ந்துக்குவாராம், என்னை எழுப்பாம. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைச்சுக்குவாராம். டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயிருக்கார், ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க, அதையும் நம்பலை. தன் பேர்ல போடற பணம் எல்லாம் தான் போனா தன்னோட போயிடும்னு அவருக்கு ஒரே எண்ணம். அதனால என் பேருக்கு மாத்தியிருக்கார். கழிவு என்ன ஆகும்னு யோசிக்கவே இல்லையாம். கட்டியாச்சான்னு நான் கேட்டதுக்கு, கட்டியாச்சுன்னு சொன்னது நிஜம்தானேன்னார்.

நீங்க அறுபதுக்குள்ள போனா உங்க கணக்குல இருக்கிறதெல்லாம் வாரிசா எழுதின எனக்குத்தான் வரும், அறுபதுல பென்ஷன் வாங்கினாலும் ரெண்டாவது கட்டத்தை எடுத்தா எனக்கு நிக்காதுன்னு சொன்னேன். இதை எந்த நாள் கேட்டிருந்தாலும் ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பேனேன்னேன். என்கிட்ட ஏன் கேட்கலை?

அவர் இப்போதான் என்னைப் பார்த்தார்.

"அண்ணன் உன்கிட்டத்தான் கேட்டார்," என்றார்.

குரலை உசத்தலை. குத்திக் காட்டற மாதிரியும் சொல்லலை. ஆறு வருஷமா ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு, ஒரு நாள்கூட இதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லாதவர், நான் கேட்டதுக்குப் பதிலாச் சொன்னார்.

மாமாகிட்ட நான் சொல்லாம விட்டது என்னன்னு எனக்கே தெரியும். நான் யார்கிட்டயும் சாவைப் பத்திப் பேசறது கிடையாது. அறுபது வயசு ஆளை எதிர்ல வச்சுக்கிட்டு, நல்ல நாள்ல ஃபார்ம் போட வந்தவர்கிட்ட, நீங்க செத்துட்டான்னு எப்படி வாய் கூசாமச் சொல்றது? அதனால ஆயுசு முழுக்கன்னு மட்டும் சொல்லுவேன். மத்தது தாள்ல இருக்கும். படிக்கிறவங்க படிக்கட்டும். மாமா குறை என்னன்னு நேராவே கேட்டார். நான் சிரிச்சுக்கிட்டே இல்லைன்னேன். அந்த பென்ஷன் பத்திரம் கையில வந்து முப்பது நாளுக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பி மாத்திக்கலாம்னு ஒரு விதி இருக்கு, அதைக்கூட வாயால சொல்லலை. நாலு வார்த்தை சொல்லியிருந்தா அக்கா இன்னிக்கு அந்தக் கடைக்குப் போகவேண்டாம். என் பீரோவுல மாமாவை மாதிரி இன்னும் எத்தனை பேர் அதிகம் வர்ற கட்டத்துல கையெழுத்துப் போட்ட தாள் இருக்குன்னு நினைச்சேன். திரும்பி அந்தப் பக்கம் பார்க்கவே பயமா இருந்துச்சு.

தண்ணி குடிச்சேன். அவருக்கும் கொடுத்தேன்.

முதல்ல துறைக்குப் பதில் எழுதினேன். போன வருஷக் கழிவு தவறு, பணம் மனைவியின் கணக்கில் செலுத்தப்பட்டது, பதிவு இணைப்பில், கழிவைத் திரும்பப் பெறுகிறோம். மத்த அஞ்சு வருஷத்தையும் அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நாமளே ஒத்துக்கிட்டு வரியும் வட்டியும் கட்டறோம்னு அதுலயே எழுதினேன். தயாரித்தவர் இடத்துல என் பதிவு எண்ணைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். என்ன செய்வாங்களோ தெரியாது. பொண்ணு படிப்புக்குன்னு வச்சிருந்ததுல எழுபத்திரண்டாயிரம் போகும். அவர் தலையை ஆட்டினார்.

அப்புறம் அவருக்காக ஒரு புதுத் தாள் எடுத்தேன். அடுத்த அஞ்சாம் தேதியிலிருந்து நாலாயிரமும் திரும்ப அவர் கணக்குக்கே. அதுக்குக் கழிவும் நியாயமா உண்டு. மூணு வருஷம் அப்படிப் போனா பத்து லட்சத்து எண்பதாயிரம் கிட்ட வரும். மூணு கட்டம் போட்டேன். ஏழாயிரத்து முன்னூத்தி எண்பது. ஆறாயிரத்து அறுநூத்தைம்பது. ஐயாயிரத்து எண்ணூத்தைம்பது. தாளை அவர் பக்கம் திருப்பி வச்சேன். இத்தனை வருஷமா இந்த இடத்துல நான் பேனா மூடியைத் திருகிக்கிட்டு, யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லுவேன்.

பேனாவைக் கீழே வச்சேன். முதல் கட்டத்துல விரலை வச்சு, அவர் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையா சொன்னேன்.

"இதுல, நீங்க செத்துட்டா மறுமாசத்துல இருந்து எனக்கு ஒண்ணும் வராது."

அவர் முகம் வெளுத்துச்சு. நான் நிறுத்தலை. ரெண்டாவதுக்குப் போனேன். நீங்க செத்துட்டா இதே தொகை எனக்கு வரும், நான் செத்தா நிக்கும், பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாது. மூணாவது, நம்ம ரெண்டு பேரும் செத்தப்புறம் போட்ட பணம் அவளுக்குப் போகும். சொல்லி முடிக்கும்போது என் கன்னமெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. புருஷன் முகத்துக்கு நேரா மூணு தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கேன், வேற எவளாவது இப்படிச் சொன்னா நானே அவளை விளக்குமாத்தால அடிச்சிருப்பேன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் ரெண்டாவது கட்டத்துல கறை படிஞ்ச விரலை வச்சு, இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்காத ஒண்ணைக் கேட்டார்.

"நீ முதல்ல போயிட்டா?"

"உங்களுக்கு வந்துக்கிட்டே இருக்கும்," என்றேன். "ஒரு காசு குறையாது."

"எனக்கு எதுக்கு," என்று சொல்லிட்டு, முகத்தை அந்த அழுக்குக் கையாலயே மூடிக்கிட்டார்.

மேசையைச் சுத்திப் போய் அவர் பக்கத்துல நின்னேன். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு. படியில யாரோ ஏறி வர்ற செருப்புச் சத்தமும் கேட்டுச்சு. ஒரு வயசான அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும், கையில பென்ஷன் ஃபார்ம். வாசல்ல நின்னு, வரலாமாம்மான்னு கேட்டாங்க. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ரெண்டு பேருமே உள்ள வந்து உட்காரணும், ஒருத்தரை மட்டும் வச்சு நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். பயம் போகலை, ஆனாலும் மூணு கட்டம் போட ஒரு புதுத் தாளை எடுத்தேன்.